அறுபது பேர் வகுப்பில் ஜோடிப் பேச்சு: 40 நிமிடப் பாடத்திட்டம்

ஏழாம் வகுப்பு ஆங்கிலப் பாடம், 60 பேர், 12 பெஞ்ச், பெஞ்சுக்கு ஐந்து பேர். ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்டால் பீரியட் முழுக்கப் போனாலும் ஒரு பிள்ளைக்கு 40 வினாடிதான் கிடைக்கும். அதனால்தான் ஜோடி.

நோக்கம்: அன்றாட வேலைகளின் நேரத்தைக் கேட்கவும் சொல்லவும் வரவேண்டும். "வாட் டைம் டஸ் ரவி கெட் அப்?", "ஹி கெட்ஸ் அப் அட் சிக்ஸ் ஃபிஃப்டீன்."

முன்தயாரிப்பு: போர்டில் ரவியின் ஒரு நாள், ஐந்து வேலை, ஐந்து நேரம். பின்சுவரில் ஒரு சார்ட்டில் அதேபோல மாலாவின் நாள். இரண்டையும் நேரம் வரும்வரை மூடி வைக்க வேண்டும். 6.15, 8.50 மாதிரி நேரங்களை வேண்டுமென்றே போடுகிறேன், ஏனென்றால் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காதில் குழம்பும், குழம்பினால்தான் "சே இட் அகெய்ன், ப்ளீஸ்" என்று உண்மையிலேயே கேட்க வேண்டிவரும்.

முதல் 5 நிமிடம் என் நாளைப் பற்றி அவர்கள் என்னைக் கேட்கட்டும். அடுத்த 6 நிமிடம் கேள்வியும் பதிலும் முழு வகுப்பாக, பிறகு பாதிக்குப் பாதி, கடைசியில் இரண்டு பேர் எழுந்து எல்லோர் முன்னும் செய்துகாட்டல். இதை அவசரப்படுத்தக் கூடாது. வாயில் வாக்கியம் நிற்காத பிள்ளை ஜோடியில் தாய்மொழிக்குத்தான் போகும்.

அப்புறம் 2 நிமிடத்தில் 1, 3, 5 என ஒற்றைப்படை பெஞ்சில் இருப்பவர்கள் அப்படியே பின்னால் திரும்பி உட்கார வேண்டும். எதிரெதிரே 30 ஜோடி. மேசையை நகர்த்த வேண்டாம், ஜெராக்ஸும் வேண்டாம். திரும்பியவர்களுக்குப் போர்டு தெரியாது, எதிரில் இருப்பவருக்குத் தெரியும். தெரியாததைத்தானே கேட்போம்! 7 நிமிடம் அவர்கள் கேட்டு நோட்டில் எழுதுவார்கள், எட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு போர்டை மூடி, பின்சுவர் சார்ட்டைத் திறந்தால் கேட்பவர் மாறிவிடுவார், இன்னொரு 7 நிமிடம்.

சத்தம் வரும், வரட்டும். நான் கை தூக்கினால் பார்த்தவர்களும் கை தூக்கி நிறுத்த வேண்டும் என்று முதலிலேயே ஒருமுறை பழக்கிவிடுகிறேன். நடுவில் யாரையும் திருத்த மாட்டேன். நடந்துகொண்டே கேட்டு, தவறுகளைச் சீட்டில் குறிப்பேன். சீக்கிரம் முடித்தவர்கள் நோட்டைப் பார்க்காமல் ஐந்தையும் மறுபடி சொல்லட்டும்.

அடுத்த 7 நிமிடம் சொந்த நாள், "வாட் டைம் டு யூ...?" என்று. இதற்கு ஜோடி மாற வேண்டும்: திரும்பிய பெஞ்சுகளில் கடைசிப் பிள்ளை எழுந்து மறுமுனைக்கு வர, மற்றவர்கள் ஓர் இடம் நகர வேண்டும். எழுந்து நடப்பது ஆறே பேர், ஆனால் 60 பேருக்கும் புது ஜோடி.

கடைசி 6 நிமிடம்: நாலைந்து பேர் தன் ஜோடியைப் பற்றிச் சொல்ல வேண்டும், முக்கியமாக வாய் திறக்கத் தயங்கியவர்கள். சீட்டில் இருந்து மூன்று தவறு மட்டும், பெயர் சொல்லாமல் போர்டில். "டஸ் ரவி கெட்ஸ் அப்" கட்டாயம் அதில் இருக்கும்.