மாடிக் கூரை வேலை: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் விளக்கம் கோரும் கேள்விகள்

பெறுநர்: கூரை ஒப்பந்ததாரர் அவர்கள், நாகப்பட்டினம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 1,100 சதுர அடிக்கு இரும்புச் சட்டம் நிறுத்தி, கலர் ஷீட் போட்டுத் தருவதற்குத் தாங்கள் அனுப்பிய 3,19,000 ரூபாய் மதிப்பீடு கிடைத்தது. அதில் ‘0.50 எம்.எம். கலர் ஷீட், தரமான பைப், 10 வருட கேரண்டி, முன்பணம் 70 சதவீதம்’ என்ற நான்கு விவரங்களே உள்ளன. வீடு கடலிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் தொலைவில் இருப்பதாலும், ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டியிருப்பதாலும், கீழ்க்கண்ட கேள்விகளுக்கு எழுத்தில் விடை கேட்கிறேன். தங்கள் விடைகள் ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கப்படும் என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

முதலில் ஷீட். 0.50 எம்.எம். என்று தாங்கள் குறிப்பிடுவது பூச்சும் பெயிண்டும் சேர்ந்த மொத்தக் கனமா, உள்ளே இருக்கும் வெறும் இரும்புத் தகட்டின் கனமா? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது; விலையிலும் ஆயுளிலும் தெரியும். தகட்டின் மேலுள்ள உலோகப் பூச்சு வெறும் துத்தநாகமா, அல்லது அலுமினியமும் துத்தநாகமும் கலந்த கால்வாலூம் பூச்சா? கால்வாலூம் என்றால் இரு பக்கமும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்? உப்புக் காற்றுக்கு 150 கிராமுக்குக் குறைந்ததை நான் ஏற்பதாக இல்லை. பெயிண்ட் சாதாரண பாலியஸ்டரா, அதைவிட உயர்ந்த ரகமா? ஷீட்டின் அடிப்புறத்தில் தயாரிப்பாளர் பெயர், கனம், பூச்சு அளவு ஆகியவை அச்சிடப்பட்டிருக்குமா? வண்டியிலிருந்து இறக்கும்போது ஸ்க்ரூ கேஜ் வைத்து அளந்து பார்க்கவும், அளவு குறைந்தால் தங்கள் செலவிலேயே திருப்பி அனுப்பவும் சம்மதமா?

ஷீட்டைவிட அதைப் பிடித்து நிறுத்தும் பொருள்களைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். ‘தரமான பைப்’ என்பதை அளவாக எழுதித் தர வேண்டுகிறேன்: தூணுக்கு எந்த அளவு, கூரையின் முக்கோணச் சட்டமான டிரஸுக்கு எந்த அளவு, ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப்பான பர்லினுக்கு எந்த அளவு, ஒவ்வொன்றின் சுவர்க் கனம் எத்தனை எம்.எம்., பர்லினுக்கும் பர்லினுக்கும் இடைவெளி எத்தனை அடி? பைப் கால்வனைஸ் செய்ததா, கறுப்புப் பைப்பா? கறுப்புப் பைப் என்றால் வெல்டிங் இடங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்தபின் எந்த பிரைமர், எத்தனை கோட்? பைப்பின் திறந்த முனைகளை மூடி வைத்து வெல்டிங் செய்வீர்களா? மூடாவிட்டால் உப்பு ஈரம் உள்ளே புகுந்து, வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரித்துவிடும்.

ஸ்க்ரூ எந்த ரகம்? வாஷர், வெயிலில் வெடித்துப்போகாத ஈ.பி.டி.எம். ரப்பரா? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது தங்களுக்கும் நினைவிருக்கும். காற்றின் உறிஞ்சு விசை கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும்தான் அதிகம். அந்த இடங்களில் ஸ்க்ரூக்களை நெருக்கமாக அடிப்பீர்களா, எத்தனை அங்குலத்துக்கு ஒன்று? ஷீட்டைத் தளத்திலேயே கிரைண்டரால் அறுப்பீர்களா? தீப்பொறி பட்ட இடத்தில் பூச்சு எரிந்துபோகும். துளையிடும்போது உதிரும் இரும்புத் தூளை அன்றன்றே பெருக்காவிட்டால் ஒரே மழையில் துருக் கறை படியும். அளவெடுத்து ஆலையிலேயே வெட்டி வருவதாக இருந்தால் அதையும் குறிப்பிடவும்.

தூண்களை எங்கே நிறுத்தப்போகிறீர்கள்? கீழே பில்லர் அல்லது பீம் இருக்கும் இடத்திலா, வெறும் தளத்தின் மேலா? ஆங்கர் போல்ட்டுக்குத் துளையிடும்போது தட்டோடும் அதன் அடியிலுள்ள சுருக்கித் தளமும் உடையும். அந்த இடங்களில் நீர்க்கசிவைத் தடுக்கும் வேலை இந்தத் தொகையில் அடங்குமா? கூரை நன்றாக இருந்து கீழே படுக்கையறை ஒழுகினால் எனக்கு ஆவதென்ன?

மாடியின் ஒரு மூலையில் இருக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளைக் கழற்றுவது யார் பொறுப்பு? அவற்றை உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முழுதாக இறக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் தங்கள் ஆட்களுக்கு முகக்கவசம் கொடுப்பீர்களா? உயரத்தில் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்பு பெல்ட்டும் விபத்துக் காப்பீடும் உண்டா?

அடுத்து கேரண்டி. 10 வருடம் என்று சொல்வது யார்? ஷீட் தயாரிப்பாளரா, தாங்களா? தயாரிப்பாளர் என்றால், அவருடைய வாரண்டி துளை விழுவதற்கு எத்தனை ஆண்டு, பெயிண்ட் உரிவதற்கு எத்தனை ஆண்டு, நிறம் மங்குவதற்கு உண்டா என்று தனித்தனியே தெரிய வேண்டும். கடலிலிருந்து இத்தனை தூரத்துக்குள் இருந்தால் வாரண்டி செல்லாது என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா? இருந்தால், நாங்கள் இருக்கும் 600 மீட்டரில் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. வாரண்டி அட்டையும் ஷீட் பில்லும் என் பெயரில், காயில் எண்ணுடன் கிடைக்குமா?

தங்கள் வேலைக்கான கேரண்டி அதிலிருந்து வேறானது. ஸ்க்ரூத் துளையில் ஒழுக்கு, முகட்டுத் தகட்டில் விலகல், மழைநீர் வடியும் கட்டரில் நீர் தேங்குதல், வெல்டிங் விடுபடுதல் ஆகியவற்றுக்கு எத்தனை ஆண்டு பொறுப்பேற்பீர்கள்? நான் தொலைபேசியில் சொன்ன எத்தனை நாளுக்குள் ஆள் வரும்? கூலியும் பொருளும் இரண்டுமே இலவசமா? ‘இயற்கைச் சீற்றத்துக்குப் பொறுப்பல்ல’ என்ற வரி தங்கள் படிவத்தில் இருக்கிறது. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டும்போதே தாழ்வு மண்டலம் புயல் என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது. நாகையில் அந்த வேகத்துக்கே ஷீட் பறக்குமானால் கேரண்டி எதற்கு? எந்த வேகம்வரை கூரை தாங்கும் என்று கணக்கிட்டு, அந்த எண்ணை எழுத முடியுமா?

பணம் கொடுக்கும் முறையில் 70 சதவீத முன்பணம், அதாவது 2,23,300 ரூபாய், எனக்கு ஏற்புடையதன்று. மாற்றாக, கையெழுத்தின்போது 31,900 ரூபாயும், பைப்பும் ஷீட்டும் வீட்டுக்கு வந்து அளந்து சரிபார்த்தபின் 1,27,600 ரூபாயும், சட்டம் நிறுத்தி பிரைமர் அடித்தபின் 79,750 ரூபாயும், ஷீட்டும் கட்டரும் முடிந்தபின் 47,850 ரூபாயும், வடகிழக்குப் பருவமழையில் ஒழுக்கு இல்லை என்று உறுதியானால் டிசம்பர் 31 அன்று மீதி 31,900 ரூபாயும் தர முன்வருகிறேன். இதற்குச் சம்மதமா? பொருள் கடைக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்பது தங்கள் சிரமமானால், இரண்டாம் தவணையை என் வங்கிக் கணக்கிலிருந்து நேரே கடைக்கே செலுத்தவும் தடையில்லை.

மதிப்பீட்டுத் தொகையில் ஜி.எஸ்.டி. அடங்குமா? 1,100 சதுர அடி என்பது தளத்தின் அளவா, சரிவும் ஓரநீட்டமும் சேர்ந்த கூரையின் அளவா? ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஷீட் பகுதிக்குத் தனியே பணம் உண்டா? வேலை நடுவில் இரும்பு விலை ஏறினால் யார் ஏற்பது? கூடுதல் வேலை எதுவானாலும், தொகையை எழுதி நான் கையெழுத்திட்ட பிறகே தொடங்க வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா? வேலை எத்தனை நாளில் முடியும், தாமதமானால் பிடித்தம் எவ்வளவு?

கடற்கரைத் தெருக்களில் தாங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு முன் போட்ட கூரை ஒன்றை, அந்த வீட்டாரின் அனுமதியுடன் நான் நேரில் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். புதிதாக முடித்ததைக் காட்ட வேண்டாம். விடைகள் வரும் திங்கட்கிழமைக்குள் கிடைத்தால், புதன்கிழமை முன்தொகையுடன் கையெழுத்திட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்