கீழ்வீட்டு அம்மாவுக்கு, மேல்வீட்டிலிருந்து

வணக்கம் அம்மா.

புதன்கிழமை காலை என் கதவில் நீங்கள் ஒட்டிவிட்டுப் போன தாளைப் படித்தேன். என்னை மன்னித்துவிடுங்கள். மூன்று வாரமாக உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது நான்தான். என் தையல் மெஷின்தான்.

உங்கள் மொழி எனக்குப் பேசவே தட்டுத்தடுமாறும், கையெழுத்தைப் படிக்கச் சுத்தமாக வராது. தாளைப் போனில் படமெடுத்து மொழிபெயர்த்துத்தான் படித்தேன். மன்னிப்பை மனதாரக் கேட்க என் மொழியில்தான் முடியும் என்பதால் இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன். இதன் சாரத்தை உங்கள் மொழியில் பெயர்த்து, அச்சடித்துப் பின்னால் இணைத்திருக்கிறேன். முழுவதையும் நீங்கள் போனில் படமெடுத்துப் படிக்க நினைத்தால் எழுத்து சிக்காமல் இருக்கட்டும் என்று, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, வரிகளுக்கு நடுவே இடம் விட்டு எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றுக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும். முதல் நாள் உங்கள்மேல் கோபப்பட்டேன். நடைவழியின் மங்கல் வெளிச்சத்தில், கதவில் ஒட்டியிருந்தபடியே அவசரமாக ஒரு படம் எடுத்தேன். "இரவு 7 மணி வரை சத்தம் போடுகிறாய். நிறுத்து" என்று தமிழில் வந்தது. ஏழு மணிக்குக்கூட ஒரு வீட்டில் சத்தம் கேட்கக் கூடாதா, அதுவும் இப்படி அதட்டியா சொல்வது என்று நினைத்தேன். அன்று பகல் முழுவதும் அந்த எரிச்சலோடுதான் வேலை பார்த்தேன். மாடிப்படியில் உங்களை எதிரில் பார்த்தபோது தலையைக்கூட அசைக்காமல் தாண்டிப் போனேன். நீங்கள் நின்றீர்கள் என்பதைக் கவனித்தேன். அதை நினைத்தால் இப்போதும் மனது உறுத்துகிறது.

சாயங்காலம் தாளைக் கதவிலிருந்து எடுத்தேன். டேப்பின் நுனிகளை நீங்கள் உள்பக்கமாக மடித்து ஒட்டியிருந்தீர்கள். இழுத்ததும் கதவின் பெயின்ட் உரியாமல் அப்படியே கையோடு வந்துவிட்டது. கோபத்தில் இருப்பவர் அப்படி மடித்து ஒட்டமாட்டார் என்று அப்போதுதான் உறைத்தது. தாளை ஜன்னலோரம் மேஜையில் விரித்து வைத்து மறுபடி படமெடுத்தேன். கடைசி வரியின்மேல் டேப் பளபளத்ததால் முதல் படத்தில் அந்த வரியே விழவில்லை. நீங்கள் 1 எழுதும்போது மேலே ஒரு சாய்ந்த கோடு போடுகிறீர்கள். அதைத்தான் என் போன் 7 என்று படித்திருக்கிறது. பிறகு தாளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக நானே தட்டினேன். இரவு 1 மணி வரை. தாளின் தொடக்கத்தில் ஒரு "தயவுசெய்து". முடிவில் இன்னொரு "தயவுசெய்து". டேப்புக்கு அடியில் இருந்த வரி, நீங்கள் காலை 4.30 மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்று சொன்னது.

அந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் மெஷினை மூடும் நேரத்துக்கும் நீங்கள் கிளம்பும் நேரத்துக்கும் நடுவே மூன்றரை மணி நேரம்தான். மூன்று வாரமாக உங்களுக்கு மிஞ்சிய தூக்கம் அதற்கும் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். ஒரு நாடகக் குழுவுக்கு 24 உடைகள் தைக்க ஒப்புக்கொண்டிருந்தேன். பகலில் வேறு வேலை. பிள்ளைகள் படுத்த பிறகு பத்தரை மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி ஆகிவிடும். ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டுத்தான் தைத்தேன், சத்தம் வெளியே போகாது என்று நம்பினேன். அது தப்புக் கணக்கு. கட்டில் நடுங்குகிறது என்று நீங்கள் எழுதியிருந்ததையும் முதலில் மிகைப்படுத்திச் சொல்கிறீர்கள் என்றே எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் என் கணவரை மெஷினை ஓட்டச் சொல்லிவிட்டு, மேஜைக்குப் பக்கத்தில் தரையில் காதை வைத்துப் படுத்தேன். நாற்காலியில் இருந்தால் ஒரு ரீங்காரமாகத்தான் கேட்கும். தரையில் அது தடதடவென்று நேராக மண்டைக்குள் இறங்கியது. தரையில் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்தேன். மெஷின் ஓடும்போதெல்லாம் தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாக நடுக்கம். ஊசி நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்குகிறது, அந்த அதிர்வு மேஜைக்கால் வழியாகத் தரையில் இறங்கி உங்கள் கூரைக்கு வந்துவிடுகிறது. நான் கதவைச் சாத்தி என்ன பயன்? அந்த மேஜை இருந்தது உங்கள் படுக்கையறைக்கு நேர்மேலே.

அந்த உடைகளைப் போன வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டேன். ஆனாலும் தையல் என் பிழைப்பு, வேறு வேலை வரும். அதனால் இனி இப்படி நடந்துகொள்கிறேன். இரவு 8 மணிக்குமேல் மெஷினைத் தொடமாட்டேன், எவ்வளவு அவசர வேலையாக இருந்தாலும் சரி. வெட்டுவது, காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது எல்லாம் கைவேலை, அவற்றை இரவுக்கு வைத்துக்கொள்கிறேன். மேஜையைப் படுக்கையறையிலிருந்து எடுத்து, மாடிப்படிப் பக்கத்து மூலைக்கு மாற்றிவிட்டேன். சுவரில் படாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறேன். நான்கு காலுக்கும் அடியில் தடிமனான ரப்பர் துண்டு, மெஷினுக்கு அடியில் ஒரு ஃபோம் விரிப்பு. நாற்காலிக் கால்களுக்கும் துணி ஒட்டிவிட்டேன், அதை இழுக்கும் சத்தமும் உங்களுக்குக் கேட்டிருக்கும். ரப்பர் அதிர்வைக் குறைக்கும், ஆனால் அடியோடு நிறுத்தாது. அதனால்தான் எட்டு மணி என்பதை முதலில் சொன்னேன்.

இன்னும் ஏதாவது தொந்தரவு இருந்தால் மூன்று வாரம் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். எந்த நேரமானாலும் கதவைத் தட்டுங்கள். மேலே ஏறி வர அலுப்பாக இருந்தால், துடைப்பக் கட்டையால் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், உடனே நிறுத்திவிடுகிறேன். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு மெஷினை ஐந்து நிமிடம் ஓட்டப்போகிறேன். அந்த நேரம் வீட்டில் இருந்தால், படுக்கையறையில் நின்று கேட்டுப் பாருங்கள். இந்தத் தாளின் அடியில் இரண்டு காது வரைந்திருக்கிறேன், மொழி தெரியாவிட்டாலும் புரியும். ஒன்றின் பக்கத்தில் அலை அலையாகக் கோடு இருக்கிறது, சத்தம் கேட்கிறது என்று அர்த்தம். மற்றொன்றின் பக்கத்தில் எதுவும் இல்லை. எது சரியோ அதில் ஒரு டிக் போட்டு, இந்தத் துண்டைக் கிழித்து என் கதவுக்கடியில் தள்ளிவிடுங்கள். கோடு போட்ட காதில் டிக் விழுந்தால் மேஜையை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, அடுத்த ஞாயிறு மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
மூன்றாம் மாடி, உங்களுக்கு நேர்மேல் வீட்டுக்காரி