பிரெஞ்சு மொழிப் பிறப்புப் பதிவின் தமிழ் மொழிபெயர்ப்புக்கான சான்றுரைக் கடிதம்

யாழ்ப்பாணம்,
2025 மே 12.

கட்டுப்பாட்டாளர் நாயகம்,
குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம்,
பத்தரமுல்லை.

(பிரஜாவுரிமைப் பிரிவின் கவனத்திற்கு)

ஐயா / அம்மணி,

செல்வி ஆரணி சிவநாதனின் பிறப்புப் பதிவு – மொழிபெயர்ப்பு

பிரான்சின் சென் தெனி நகரில் 2016 மார்ச் 14ஆம் திகதி பிறந்த மேற்படி பிள்ளையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவின் கீழ் பதிவு செய்வதற்கான விண்ணப்பத்துடன் பெற்றோர் சமர்ப்பிக்கும் பிறப்புப் பதிவின் முழுப் பிரதியை நான் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துள்ளேன். இம்மொழிபெயர்ப்பு மூலத்தின் எப்பகுதியையும் விடாமல், எதையும் கூட்டாமல், பொருள் பிறழாமல் செய்யப்பட்டது என்று இதன்மூலம் உறுதிப்படுத்துகிறேன். நான் மாவட்ட நீதிமன்றத்தில் பதிவுபெற்று, சத்தியப்பிரமாணம் செய்து, சுயதொழிலாகப் பணிபுரியும் மொழிபெயர்ப்பாளர். இரு மொழிகளிலும் இப்பணிக்கு வேண்டிய தேர்ச்சி எனக்கு உண்டு. விண்ணப்பதாரர் குடும்பத்துடன் எனக்கு உறவு எதுவுமில்லை.

பரிசீலிக்கும் அலுவலருக்கு ஐயம் எழக்கூடிய இடங்களை முன்கூட்டியே தெரிவிப்பது என் கடமை. மூலத்தில் தந்தையின் பெயர் இலங்கைக் கடவுச்சீட்டில் உள்ளதுபோலன்றி, ‘டி’ எழுத்துக்குப் பின் வரவேண்டிய ‘எச்’ இல்லாமல் பதியப்பட்டிருக்கிறது. அதைத் திருத்தும் அதிகாரம் மொழிபெயர்ப்பாளருக்குக் கிடையாது என்பதால், பெயர்கள் எல்லாவற்றையும் மூலத்திலுள்ள ரோமன் எழுத்துகளிலேயே வைத்து, பக்கத்தில் தமிழ் ஒலிவடிவத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் தந்துள்ளேன். அவ்வடிவம் வாசிப்பதற்கு உதவுவது மட்டுமே. பெயருக்கான சான்று மூலத்தின் எழுத்துக்கூட்டலே.

பதிவில் கையொப்பமிட்டவரை நம் நாட்டுப் பிறப்பு, இறப்புப் பதிவாளர் என்று குறிப்பிடுவது எளிதாக இருந்திருக்கும். ஆனால் பிரான்சில் அப்பணி நகர முதல்வருக்கும் அவரது உதவி முதல்வர்களுக்கும், நகர முதல்வர் அதிகாரமளித்த நகரசபை ஊழியர்களுக்கும் உரியது என்பதால், ‘குடிசார் பதிவு அலுவலர்’ என்றே எழுதியுள்ளேன். பிறந்த நேரம் மூலத்தில் எழுத்தால் ‘நான்கு மணி பதினேழு நிமிடம்’ என்று இருப்பதால் அதை இலக்கமாக மாற்றவில்லை. இறுதியிலுள்ள ‘ஓரக் குறிப்புகள்: எவையுமில்லை’ என்ற வரியும் விடுபடவில்லை, பிரதி வழங்கப்பட்ட நாள்வரை இப்பதிவில் பிற்சேர்க்கை எதுவும் செய்யப்படவில்லை என்பதைக் காட்டுவது அந்த ஒரு வரிதான்.

நகரசபை முத்திரையின் கீழ்ப்பாதி மங்கியுள்ளதால் அதில் இரண்டு சொற்களை என்னால் வாசிக்க முடியவில்லை. ஊகித்து எழுதாமல், அவ்விடத்தில் ‘[வாசிக்க முடியவில்லை]’ என்று குறித்துள்ளேன். பிரதி வழங்கப்பட்ட திகதியும் கையொப்பமும் தெளிவாக உள்ளன.

ஒரு தாளின் இருபுறமும் அமைந்த மூலத்தின் நிழற்பிரதியும், என் கையொப்பமும் முத்திரையும் ஒவ்வொரு பக்கத்திலும் இடப்பட்ட இரண்டு பக்க மொழிபெயர்ப்பும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. அசலை நேரில் பார்த்தே மொழிபெயர்த்தேன். அது இப்போது பெற்றோரிடம் உள்ளது. இக்கூற்றில் பொய் இருப்பின் சட்டப்படி நான் பொறுப்பாவேன் என்பதை அறிந்தே கையொப்பமிடுகிறேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,

(ஒப்பம்)
மேரி கிறிஸ்டினா அருள்தாசன்
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் (பிரெஞ்சு – தமிழ்)