யூனிட் 1 ஏர் லீக் திட்டம்: டைரக்டர்கள் கூட்டத்தில் ஐந்து நிமிடப் பேச்சு

ஏப்ரல் 3, காலை 11 மணி. பேசுபவர்: மெயின்டனன்ஸ் மேனேஜர். ஸ்லைடு மூன்றுதான். ஸ்லைடில் இருப்பதை அப்படியே படிக்கக் கூடாது. பழைய ஹோஸ் துண்டை மேசைக்குக் கீழே தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

0:00 – முடிவும் கேட்பதும் (ஸ்லைடு 1: இரண்டு எண்கள் மட்டும்)

எம்.டி. சார், டைரக்டர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

யூனிட் 1-இல் ஏர் லீக்குகளை அடைத்ததால் கம்ப்ரசருக்கு ஆகும் கரண்ட் செலவு மாதத்துக்கு 2 லட்சத்து 4 ஆயிரம் ரூபாய் குறைந்திருக்கிறது. இதற்கு நாங்கள் செலவு செய்தது மொத்தம் 3 லட்சத்து 80 ஆயிரம். போட்ட பணம் இரண்டு மாதத்துக்குள் திரும்பி வந்துவிடும்.

இதே வேலையை யூனிட் 2-இல் செய்ய 4 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்கு அனுமதி வேண்டும். ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள், மில் நிற்கும். அன்றைக்கே வேலையை முடிக்க, அனுமதி இன்றைக்குக் கிடைத்தால் நல்லது. ஏன் என்று அடுத்த நான்கு நிமிடத்தில் சொல்கிறேன்.

0:45 – எங்கே போனது காற்று (ஹோஸ் துண்டை எடுத்து எம்.டி. கையில் கொடுக்கவும்)

சார், இது ஆட்டோகோனர் பக்கத்தில் இருந்து கழற்றிய ஏர் ஹோஸ். வெடித்த இடத்தில் யாரோ நம் மில் நூலையே சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். கட்டியவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஷிப்டில் மெஷின் நிற்கக் கூடாது, ஸ்டோரில் மாற்று ஹோஸ் இல்லை, கையில் இருந்தது நூல். அவரால் முடிந்ததைச் செய்திருக்கிறார்.

ஆனால் 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தாலே சுமார் 3 கிலோவாட் வீணாகும். இரவும் பகலும் கம்ப்ரசர் ஓடுவதால், வருடத்துக்கு அந்த ஓர் ஓட்டைக்கு மட்டும் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் போகிறது. ஓடும் மெஷின் இரைச்சலில் இந்தச் சத்தம் யார் காதிலும் விழாது.

பொங்கல் விடுமுறையில் எல்லா மெஷினும் நின்ற பிறகு, ஒரு கம்ப்ரசரை மட்டும் ஓட விட்டுப் பார்த்தோம். காற்றை எடுக்க ஆளே இல்லை. லைனில் லீக் இல்லையென்றால் அது லோடு எடுக்கவே கூடாது. ஆனால் 54 விநாடி லோடு, 36 விநாடி அன்லோடு என்று மாறி மாறி ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கம்ப்ரசரின் காற்றில் 60 சதவீதம் ஓட்டைகள் வழியாகவே போகிறது என்று அர்த்தம். நாம் ஓட்டுவது இரண்டு கம்ப்ரசர். மொத்தத்தில் பார்த்தால் 30 சதவீதம் காற்று வீண்.

2:00 – செய்ததும் கிடைத்ததும் (ஸ்லைடு 2: டிசம்பர், மார்ச் – இரண்டு பட்டை)

அல்ட்ராசோனிக் லீக் டிடெக்டர் ஒன்று வாங்கினோம். அதை வைத்து ஒவ்வொரு லீக்கையும் தேடி டேக் கட்டி, ஹோஸ், கப்ளர், ட்ரெயின் வால்வுகளை மாற்றினோம். அப்புறம் லைன் அழுத்தத்தை 7 பாரில் இருந்து 6.5 ஆகக் குறைத்தோம்.

டிசம்பரில் கம்ப்ரசருக்கு ஒரு நாளைக்கு 3,900 யூனிட் கரண்ட் ஆனது. மார்ச்சில் 3,050. ஒரு நாளைக்கு 850 யூனிட் மிச்சம். ஒரு யூனிட் 8 ரூபாய் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். இரண்டு மாதமும் உற்பத்தி ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் இது உற்பத்தி குறைந்ததால் வந்த மிச்சம் இல்லை.

3:00 – சரியாக வராதவை (ஸ்லைடு மாற்ற வேண்டாம். நிதானமாகச் சொல்லவும்)

இரண்டு விஷயம் நாங்கள் நினைத்தபடி நடக்கவில்லை.

அழுத்தத்தை 6.2 வரை இறக்கிப் பார்த்தோம். ஸ்பிளைசரில் நூல் இணைப்பு சரியாக விழவில்லை, கட்டிங் அதிகமானது. அன்று மாலையே 6.5-க்கு ஏற்றிவிட்டோம். நூல் தரத்தில் கை வைத்து வரும் மிச்சம் நமக்கு வேண்டாம்.

இரண்டாவதுதான் முக்கியம். அடைத்த லீக் திரும்ப வருகிறது. ஜனவரியில் 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்தோம். பிப்ரவரி மூன்றாம் வாரம் அளந்தால் 15 சதவீதம். பெரும்பாலும் கிளீனிங் கன் ஹோஸ்கள். அதற்குப் பிறகு ஒரு ஃபிட்டர் வாரம் ஒரு நாள் டிடெக்டரோடு சுற்றி வருகிறார், ஸ்டோரில் ஹோஸும் கப்ளரும் எப்போதும் இருக்கின்றன. மார்ச்சில் மறுபடியும் 10. அந்த ஒரு நாள் சுற்று நின்றால், இன்று நான் காட்டிய 2 லட்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும் சார்.

4:00 – யூனிட் 2 (ஸ்லைடு 3: தொகை, தேதி, பொறுப்பு)

யூனிட் 2-இலும் அதே பொங்கல் விடுமுறையில் அளந்தோம். அங்கே லீக் 34 சதவீதம். ஒரு நாளைக்கு 1,100 யூனிட் கரண்ட் மிச்சமாகும் என்று எதிர்பார்க்கிறோம், மாதம் சுமார் 2 லட்சத்து 64 ஆயிரம் ரூபாய். டிடெக்டர் கையில் இருப்பதால் அதற்குத் தனிச் செலவு இல்லை.

ஏப்ரல் 14-ஐ விட்டால் அடுத்து மில் முழுதாக நிற்பது மே 1-இல்தான். அந்த 17 நாள் தாமதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ஆகும்.

ஆகவே கேட்பது இரண்டு. 4 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்கு அனுமதி. இரண்டு யூனிட்டிலும் வாரம் ஒரு நாள் ஒரு ஃபிட்டரை இந்த வேலைக்கு மட்டும் ஒதுக்க உத்தரவு. ஜூன் கூட்டத்தில் யூனிட் 2 மீட்டர் ரீடிங்கோடு வருகிறேன். நன்றி.

கேட்டால் மட்டும் சொல்ல

*"காற்றாலை சீசனில் இந்த மிச்சம் நிற்குமா?"* – கரண்ட் யூனிட் கணக்கில் நிற்கும், ரூபாயில் அதே அளவு தெரியாது. நாங்கள் அளந்தது சீசன் இல்லாத மாதங்களில். மே முதல் செப்டம்பர் வரை நம் காற்றாலை மின்சாரம் வருவதால், அந்த மாதங்களுக்கு ஃபைனான்ஸோடு உட்கார்ந்து தனிக் கணக்கு தருகிறோம். 2 லட்சத்தைப் பன்னிரண்டால் பெருக்கி வருட மிச்சம் என்று சொல்லக் கூடாது.

*"3.8 லட்சம் எதற்கெல்லாம் போனது?"* – டிடெக்டர் 1 லட்சத்து 60 ஆயிரம். ஹோஸ், கப்ளர், ஆட்டோ ட்ரெயின் 1 லட்சத்து 50 ஆயிரம். விடுமுறை நாள் கூலி 70 ஆயிரம்.

*"புது கம்ப்ரசர் வாங்கினால் போதாதா?"* – லீக்கோடு வாங்கினால் புது மெஷினும் ஓட்டைக்குத்தான் காற்றடிக்கும். யூனிட் 2 முடிந்த பிறகு உண்மையான தேவை எவ்வளவு என்று தெரியும். அதற்கு முன்னால் எந்த சைஸ் வாங்குவது என்று என்னால் சொல்ல முடியாது.

*"உற்பத்தி அளவு ஒன்றுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?"* – ஒரு கிலோ நூலுக்குக் கம்ப்ரசர் செலவு டிசம்பரில் 0.22 யூனிட், மார்ச்சில் 0.17. இரண்டு மாதத்தின் லாக் புக்கும் என் கையில் இருக்கிறது, இப்போதே காட்டலாம்.