தொல்லியல் முதுகலைச் சேர்க்கை: மறுபரிசீலனை கோரும் மேல்முறையீடு

செங்கம்,
11.07.2025

அனுப்புநர்:
ம. கயல்விழி,
செங்கம் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
சேர்க்கைக் குழுத் தலைவர் அவர்கள்,
தொல்லியல் மற்றும் கல்வெட்டியல் துறை.

பொருள்: 2025–26 கல்வியாண்டு முதுகலைத் தொல்லியல் சேர்க்கை, விண்ணப்ப எண் 0417, மறுபரிசீலனை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். மேற்கண்ட படிப்பில் எனக்கு இடம் வழங்க இயலவில்லை என்று தெரிவிக்கும் தங்கள் 20.06.2025 நாளிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றேன். காரணத்தையும் மதிப்பெண்களையும் மறைக்காமல் குறிப்பிட்டிருந்தமைக்கு முதலில் நன்றி கூறுகிறேன். நுழைவுத் தேர்வில் 100க்கு 61 பெற்ற நான், நேர்காணலில் 25க்கு 9 மட்டுமே பெற்றதும், கணிதப் பட்டதாரியாகிய எனக்குப் பாடத்துறைப் பின்புலம் போதாது என்று குழு கருதியதும் நியாயமானவையே. அந்த மதிப்பீட்டை நான் மறுக்கவில்லை. நான் விண்ணப்பித்த மே மாதத்தில் குழுவின் முன் வைக்க இயலாமல் இருந்த சிலவற்றை இப்போது வைத்து, மறுபரிசீலனை கோரவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நேர்காணலில் நடந்ததை நான் மறக்கவில்லை. பிற்கால வட்டெழுத்து நடுகல் ஒன்றின் மைப்படியைக் கொடுத்து, கடைசி வரியை வாசிக்கச் சொன்னீர்கள்; ‘பட்டான்’ என்பதை நான் ‘வட்டான்’ என்று வாசித்தேன். அந்தக் காலத்து எழுத்தில் ப, வ, ய ஆகியவை ஏறத்தாழ ஒரே வடிவம் கொள்வதால், எழுத்தை மட்டும் உற்றுப் பார்த்துப் பயனில்லை. ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று நடுகற்களில் திரும்பத் திரும்ப வரும் வாய்பாட்டை அறிந்திருந்தால் அந்தத் தவறு நேர்ந்திருக்காது. ஆநிரை மீட்டு உயிர் விட்டவனின் கல்லில், அவன் இறந்ததைச் சொல்லும் சொல்லையே தவறாகப் படித்துவிட்டோமே என்ற வருத்தம் அன்று வீடு திரும்பும்வரை எனக்கு இருந்தது.

அதன் பிறகு வந்த ஐந்து வாரங்களை இந்தக் குறையைப் போக்கிக்கொள்வதற்கே பயன்படுத்தினேன். ஏற்கெனவே வார இறுதிகளில் படித்துவந்த ஆறு மாதக் கல்வெட்டியல் சான்றிதழ்ப் படிப்பின் முடிவு 27.06.2025 அன்று வெளியானது. அதில் முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றுள்ளேன். செங்கம் வட்டாரத்தில் முன்னரே பதிவாகி அச்சேறிய நடுகற்களில் 11 கற்களை, எங்கள் பயிற்றுநரின் மேற்பார்வையில், உரிய அனுமதியுடன் மைப்படி எடுத்தேன். வெயில் ஏறினால் தாள் காய்ந்து கல்லை விட்டு எழும்பிவிடும் என்பதால் விடியலுக்கு முன்பே சென்று, கல்லைத் தூரிகையால் துடைத்து, நனைத்த தாளைப் பதித்துத் தட்டி, எழுத்துப் பள்ளங்களில் தாள் படிந்ததை விரலால் உறுதி செய்த பிறகே மையொற்றினேன். முதல் இரண்டு படிகள் மை மிகுந்து கெட்டுப்போயின. அவற்றையும் சேர்த்தே இணைத்திருக்கிறேன், ஏனெனில் மூன்றாவது படியிலிருந்து கை எப்படித் திருந்தியது என்பதை அவை காட்டும். ஒவ்வொரு கல்லையும் முதலில் நானே வாசித்து எழுதிவைத்துவிட்டு, பின்னரே அச்சான பாடத்துடன் ஒப்பிட்டேன். நான் பிழைபட்ட இடங்களைச் சிவப்பு மையில் குறித்துள்ளேன்; முதல் கல்லில் ஒன்பதாக இருந்த பிழைகள், கடைசிக் கல்லில் இரண்டாகக் குறைந்தன.

இளநிலைக் கணிதத்தின் இறுதிப் பருவ முடிவும் இதற்கிடையில் வந்துள்ளது, மொத்தம் 82.4 விழுக்காடு பெற்றுள்ளேன். வரலாறு படிக்காதவள் என்ற குறையை இம்மதிப்பெண் ஈடுசெய்யும் என்று நான் வாதிடவில்லை. அக்குறைக்காகவே, இடம் கிடைத்தால் தென்னிந்திய வரலாற்று அடிப்படைத் தாள்களை முதல் பருவத்திலேயே கூடுதலாக எழுத ஆயத்தமாக இருக்கிறேன். துறை விதிக்கும் எந்த நிபந்தனையையும் ஏற்கிறேன்.

கல்வியியல் பட்டப் படிப்பில் சேர எனக்கு இடம் கிடைத்திருந்தும், இம்மாத முதல் வாரத்தில் அதை எழுத்து மூலம் விட்டுக்கொடுத்துவிட்டேன். வீட்டில் இதற்கு எளிதில் சம்மதம் கிடைக்கவில்லை. மைப்படித் தாள்களைத் திண்ணையில் விரித்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டிய பிறகே அவர் இசைந்தார். எங்கள் பகுதி வயல்வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் கற்களில் பல, வாசிக்கத் தெரிந்தவர் அருகில் இல்லாமலே தேய்ந்துகொண்டிருக்கின்றன. அந்த வேலையை முறையாகக் கற்று, இதே மாவட்டத்தில் இருந்து செய்ய விரும்புகிறேன்.

எனவே, என் விண்ணப்பத்தைக் குழு மீண்டும் பரிசீலிக்க வேண்டும் எனவும், இடங்கள் நிரம்பியிருப்பின் காத்திருப்போர் பட்டியலிலாவது என் பெயரைச் சேர்க்க வேண்டும் எனவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மறுநேர்காணலுக்கு அழைத்தால் எந்த நாளிலும் வந்து, குழு தரும் எந்த மைப்படியையும் வாசிக்க ஆயத்தமாக உள்ளேன். மதிப்பெண் பட்டியல், சான்றிதழ் நகல், பயிற்றுநரின் பரிந்துரைக் கடிதம், மைப்படிகளின் ஒளிப்படங்கள், என் வாசிப்புக் குறிப்பேட்டின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ம. கயல்விழி