கோர்வை நெசவுப் புகைப்படத்தைக் கையேட்டில் அச்சிட அனுமதி வேண்டி

காஞ்சிபுரம்,
12.01.2026

பொருள்: தாங்கள் எடுத்த புகைப்படத்தை எங்கள் அறிமுகக் கையேட்டில் வெளியிட அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். காஞ்சிபுரத்தில் கைத்தறிப் பட்டுச் சேலைகளை நெய்து விற்கும் எங்கள் நிறுவனம், வரும் மார்ச் மாதம் 24 பக்க அறிமுகக் கையேடு ஒன்றை வெளியிட உள்ளது. சென்ற அக்டோபரில் மாத இதழில் தங்கள் கட்டுரையுடன் வந்த, குழித்தறியில் இருவர் கோர்வை நெய்யும் புகைப்படத்தை அதில் சேர்க்கத் தங்கள் அனுமதியை வேண்டுகிறோம். உரிமை தங்களிடமே உள்ளது என்று இதழின் ஆசிரியர் குழு தெரிவித்ததால் நேரடியாக எழுதுகிறோம்.

உடலுக்கு ஒன்றும் கரைகளுக்கு ஒவ்வொன்றுமாக மூன்று நாடாக்கள் ஓடுவதையும், மறுகரை நாடாவை வாங்கித் தர இன்னொருவர் உடன் அமர்ந்திருப்பதையும் எத்தனை சொன்னாலும் வாங்குவோருக்கு விளங்க வைப்பது கடினம். தங்கள் படம் அதை ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. நாங்களே எடுத்துப் பார்த்த படங்களில் இந்தத் தெளிவு வரவில்லை.

படம் 9ஆம் பக்கத்தின் மேல்பாதியில், 18 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் கொண்டதாக, முழு வண்ணத்தில் அச்சாகும். எப்பக்கமும் வெட்டப்படாது, நிறம் மாற்றப்படாது, படத்தின் மீது எழுத்தோ எங்கள் முத்திரையோ இடம்பெறாது. படத்தின் கீழே, அதே பக்கத்தில், "புகைப்படம்" என்ற சொல்லுடன் தங்கள் பெயர் இருக்கும். விளக்கவரி இது: "கோர்வை முறையில் கரையையும் உடலையும் இணைத்து நெய்யும் நெசவாளர்கள், காஞ்சிபுரம்." படத்தில் உள்ளவர்கள் எங்களிடம் நெய்பவர்கள் அல்லர் என்பதால், அப்படி எண்ண இடம் தரும் ஒரு சொல்லும் அப்பக்கத்தில் வராது. விளம்பரத்தில் தம் முகம் இடம்பெற அவர்களும் இசைய வேண்டும் என்று கருதுகிறோம். தங்கள் மூலமாக அவர்களின் எழுத்து வடிவ ஒப்புதல் கிடைத்த பின்பே அச்சுக்கு அனுப்புவோம்.

தமிழில் 2,000, ஆங்கிலத்தில் 1,000 என மொத்தம் 3,000 படிகள் அச்சிட்டு, இந்தியாவுக்குள் இலவசமாக வழங்குவோம். இதே கையேட்டின் பிடிஎஃப் எங்கள் இணையதளத்தில் இரண்டு ஆண்டுகள் இருக்கும். காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் சட்டப்படி அது ஐந்து ஆண்டாகக் கொள்ளப்படும் என்பதால், இரண்டு ஆண்டு என்பதை உடன்படிக்கையிலேயே எழுதிவிட விரும்புகிறோம். மறுபதிப்பு, நாட்காட்டி, சமூக ஊடகப் பதிவு எதற்கும் இந்த அனுமதி பொருந்தாது. வேண்டுமெனில் மீண்டும் கேட்போம். படத்தின் உரிமை முழுவதும் தங்களுடையதே.

இதற்குக் கட்டணமாக ரூ.15,000 தர எண்ணியுள்ளோம்; தங்கள் வழக்கமான கட்டணம் வேறாக இருப்பின் தெரிவிக்கவும். 9ஆம் பக்கத்தின் மாதிரியை இத்துடன் இணைத்துள்ளோம். இசைவு இருப்பின், பிப்ரவரி 5ஆம் தேதிக்குள் கையொப்பமிட்ட பதிலையும் அச்சுத் தரத்திலான கோப்பையும் அனுப்பி உதவ வேண்டுகிறோம். இசைவில்லை எனில் அதையும் ஒரு வரியில் தெரிவித்தால், அந்தப் பக்கத்தை வேறு விதமாக அமைத்துக்கொள்வோம்.

தங்கள் உண்மையுள்ள,
நிர்வாகப் பங்குதாரர்

இணைப்பு: 9ஆம் பக்க மாதிரி