பன்னிரண்டு வார இலக்குக் குறிப்பு (ஜூன் 9 முதல் செப்டம்பர் 1, 2025 வரை)

நோயாளி: 57 வயது, ரப்பர் பால் வெட்டுத் தொழிலாளி, குலசேகரம் பக்கம். ஏப்ரல் 21 அன்று மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் காலும் தளர்ந்தன, பேச்சு குழறல். இன்றோடு ஏழு வாரம்.

அண்ணாச்சி, இந்தக் குறிப்பு உங்களுக்காக எழுதியது, ஃபைலில் போட்டு மூடி வைக்க இல்லை. அக்காவும் மகனும் மருமகளும் வாசிக்க வேண்டும், அதனால் சாப்பாட்டு மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள்.

என்ன வேண்டும் என்று போன வாரம் கேட்டபோது "பழையபடி ஆகணும்" என்றீர்கள். அது உங்கள் மனதில் இருக்கட்டும், ஆனால் அதை வைத்து நான் பயிற்சி போட முடியாது, ஏனென்றால் இன்று நேற்றைவிட எவ்வளவு நெருங்கினோம் என்று அதில் எண்ணிப் பார்க்க வழியில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதும் மூன்று காரியம் சொன்னீர்கள்: முக்கில் இருக்கிற டீக்கடைக்கு யாரும் கைபிடிக்காமல் போக வேண்டும், சட்டையை நீங்களே போட வேண்டும், வலது கையால் ஒரு மட்டிப்பழம் உரித்துத் தின்ன வேண்டும். இந்த மூன்றையும் வைத்துத்தான் கீழே இருக்கிற எண்கள் எல்லாம்.

நடை

இன்று காலை உங்கள் முற்றத்தில் சாக்பீஸால் 10 மீட்டர் கோடு போட்டு நேரம் பார்த்தோம். நாலுகால் ஊன்றுகோலோடு 31 விநாடி ஆனது, அதாவது விநாடிக்கு 0.32 மீட்டர். விநாடிக்கு 0.4-க்குக் கீழே இருந்தால் நடை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும், 0.8-ஐத் தாண்டினால் வெளியே கடை, ரோடு என்று தன் போக்கில் போகலாம் என்பது எங்கள் துறையில் எல்லாரும் வைத்திருக்கிற கணக்கு. டீக்கடை உங்கள் வாசலிலிருந்து 140 மீட்டர், அதில் பாதி ஏற்றம். அதனால்:

ஜூலை 21-க்குள் 10 மீட்டர் 18 விநாடியில். செப்டம்பர் 1-க்குள் 12 விநாடியில், சாதாரண ஒற்றைக் கம்போடு.

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார இன்று 38 விநாடி. ஆறு வாரத்தில் 25, பன்னிரண்டு வாரத்தில் 16. கையை ஊன்றாமல் 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்காருகிறீர்கள் என்று பார்த்ததில் இன்று 4; இலக்கு முதலில் 7, பிறகு 10. நிற்கும்போது உடம்பு எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்று பார்க்கும் பெர்க் அளவுகோலில் 56-க்கு 34 கிடைத்திருக்கிறது, அதை 42-க்கும் அப்புறம் 48-க்கும் கொண்டுபோக வேண்டும். திரும்பும்போதும் குனிந்து தரையிலிருந்து பொருள் எடுக்கும்போதும்தான் மதிப்பெண் போனது, ஆகவே பயிற்சியும் அங்கேதான் அதிகம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மழைக்காலம் தொடங்கிவிட்டது, முற்றத்தில் கிணற்றுப் பக்கம் பாசி பிடித்திருக்கிறது, உங்கள் வலது பாதத்தின் முன்பக்கம் இன்னும் தரையை உரசுகிறது. மகன் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பாசியைச் சுரண்டி பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வேண்டும். ரப்பர் செருப்பு வேண்டாம், பின்னால் வார் வைத்த செருப்புதான். பன்னிரண்டு வாரத்தில் விழுவது எத்தனை தடவை என்றால் பூஜ்யம், இதுவும் ஓர் இலக்குதான், மற்ற எண்களைப் போலவே எழுதி வையுங்கள். கால் இடறி யாராவது தாங்கிப் பிடித்திருந்தாலும் எழுதுங்கள்.

வலது கை

இங்கேதான் நேரம் அதிகம் போகும், பொறுமையும் அதிகம் வேண்டும். கால் முன்னேறுகிற வேகத்தில் கை வராது, பலருக்கும் அப்படித்தான், அதைப் பார்த்து நீங்கள் மனம் விட்டுவிடக் கூடாது. உங்கள் மணிக்கட்டு தானாகவே 15 டிகிரி மேலே தூக்குகிறது, விரல்கள் பாதி விரிகின்றன. எனக்கு இது நல்ல செய்தி. கொஞ்சமாவது விரிகிற கையில் பயிற்சிக்குப் பிடிமானம் இருக்கிறது.

மரக்கட்டைப் பெட்டிச் சோதனையில் ஒரு நிமிடத்தில் இடது கை 52 கட்டைகளை நடுத்தடுப்பைத் தாண்டிப் போட்டது, வலது கை 6. ஜூலை 21-க்குள் 14, செப்டம்பர் 1-க்குள் 22 ஆக்க வேண்டும். கட்டைப் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது, வீட்டில் பாக்கு வைத்துச் செய்யுங்கள். தோல் உரித்த பாக்கு இருபது எண்ணி ஒரு சிரட்டையில் போட்டு, பக்கத்துச் சிரட்டைக்கு ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஒரு தடவைக்கு இருபது, காலையில் நாலு தடவை, மதியம் மூன்று, சாயங்காலம் மூன்று, ஆக நாளுக்கு 200. பாக்கு எளிதாகிவிட்டால் புளியங்கொட்டைக்குப் போகலாம். நீங்கள் செய்து காட்டியபோது பார்த்தேன், பாக்கை எடுக்கும்போது விரல் சரியாகத்தான் மூடுகிறது, விடும்போதுதான் திறக்க மறுத்துப் பெருவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்கிறது. உடனே இடது கையால் பிடுங்கிவிடாதீர்கள். மணிக்கட்டைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், மூச்சை விடுங்கள், விரல் தளரும், பாக்கு விழும். இன்று பதினொன்றாவது பாக்கு அப்படித்தான் விழுந்தது.

மட்டிப்பழம்: இன்று இடது கையாலும் பல்லாலும் உரிக்கிறீர்கள். ஆறு வாரத்தில் வலது கை பழத்தைப் பிடித்திருக்க, இடது கை உரிக்க வேண்டும், 5 பழத்தில் 4 நசுங்காமல். பன்னிரண்டு வாரத்தில் வலது கையின் இரண்டு விரல் காம்பைக் கிள்ளித் தோலை இழுக்க வேண்டும், 5-க்கு 3. மட்டி சின்னப் பழம், தோலும் மெலிசு, அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் நசுங்கிவிடும், அதனாலேயே இது நல்ல பயிற்சி.

சட்டை: இன்று அக்கா உதவியோடு 22 நிமிடம். ஆறு வாரத்தில் தனியாக 12 நிமிடம், மேல் இரண்டு பட்டனுக்கு மட்டும் உதவி. பன்னிரண்டு வாரத்தில் 7 நிமிடம், உதவி இல்லாமல். வலது கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது வலது கை கடைசியில்.

இப்போது தோள். கையை முன்பக்கம் உயர்த்தும்போது வலி 10-க்கு 4 என்றீர்கள். கட்டிலிலிருந்து எழுப்பும்போது மருமகள் வலது அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதைப் பார்த்தேன். அன்பில்தான் செய்கிறாள், ஆனால் தளர்ந்த தோளின் மூட்டு அந்த இழுப்பைத் தாங்காது, வலி அங்கிருந்தே வருகிறது என்பது என் கணிப்பு. இன்றிலிருந்து யாரும் வலது கையைப் பிடித்தோ அக்குளில் தாங்கியோ தூக்கக் கூடாது, இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடிக்க வேண்டும். உட்காரும்போது வலது முழங்கைக்குக் கீழே தலையணை. வலி ஜூலை 21-க்குள் 2-க்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் கை உயர்த்தும் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுவோம்.

பேச்சும் மனதும்

பேச்சுப் பயிற்சியாளர் தனியாக எழுதித் தருவார், என் பங்கு ஒன்றுதான்: தினமும் துபாயிலிருக்கிற மகளிடம் போனில் 5 நிமிடம் நீங்களே பேச வேண்டும், அக்கா இடையில் எடுத்துச் சொல்லக் கூடாது. மகள் "என்னப்பா, திரும்பச் சொல்லுங்க" என்று எத்தனை தடவை கேட்கிறாள் என்று அவளே எண்ணிச் சொல்லட்டும். போன வாரம் ஓர் அழைப்பில் 9 தடவை, இலக்கு 3.

சாயங்காலத்தில் அழுகை வருகிறது என்று அக்கா சொன்னார். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, இது மன பலவீனம் கிடையாது, மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பும் இதில் சேர்ந்திருக்கிறது, மருந்தும் உண்டு. இரண்டு வாரம் தொடர்ந்து தூக்கமோ சாப்பாடோ சரியில்லை என்றால் என்னிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

பிரஷர்

இன்று 148/92. டாக்டர் சொன்ன இலக்கு 130/80-க்குக் கீழே. காலையில் மாத்திரைக்கு முன்னும் இரவிலும் பார்த்து நோட்டில் எழுதுங்கள், வாரத்தில் 14 அளவு, அதில் குறைந்தது 10 இலக்குக்குள் வர வேண்டும். நெத்திலிக் கருவாடும் ஊறுகாயும் வாரத்துக்கு ஒரு நாள் என்று அக்காவோடு பேசி முடிவு செய்திருக்கிறோம். பீடி பூஜ்யம். 180/110-க்கு மேல் காட்டினால் அன்று பயிற்சி வேண்டாம், டாக்டருக்கு போன் போடுங்கள்.

அன்று விடியற்காலை தோட்டத்தில் கத்தி கையிலிருந்து நழுவியபோது, கையை அமுக்கிப் படுத்ததால் மரத்துப்போச்சு என்று நினைத்து எட்டு மணி வரை காத்திருந்தீர்கள். இனி வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், இது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பால் வெட்டும் சிவாலய ஓட்டமும்

எப்போது தோட்டத்துக்குப் போகலாம் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறீர்கள். இந்தப் பன்னிரண்டு வாரத்தில் அதை இலக்காக வைக்கவில்லை. ஈரச் சரிவில் இருட்டில் கூர்மையான கத்தியோடு நடக்கிற வேலை அது. செப்டம்பரில் பெர்க் 48-ஐத் தொட்டு, கட்டை 22-ஐத் தாண்டினால், பகல் வெளிச்சத்தில் சமதரையில் இருக்கிற ஒரே ஒரு மரத்தில் வெட்டிப் பார்ப்போம், நானும் வருவேன்.

அப்புறம், சிவாலய ஓட்டம். இத்தனை வருஷம் முன்சிறை திருமலையில் தொடங்கி நட்டாலம் வரை பன்னிரண்டு கோயிலும் ஓடியவர் நீங்கள், வரும் மாசியில் ஓட முடியுமா என்று கேட்டபோது என்னால் ஆமாம் சொல்ல முடியவில்லை, பொய் சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் "கோவிந்தா கோபாலா" என்று விசிறியோடு ஓடி வருகிறவர்களுக்கு குலசேகரம் ரோட்டோரத்தில் நின்று மோர் கொடுக்க முடியுமா என்று யோசித்தேன். அதற்கு 20 நிமிடம் பிடிக்காமல் நிற்க வேண்டும். இன்று 3 நிமிடம் நின்றீர்கள். ஜூலை 21-க்குள் 8, செப்டம்பர் 1-க்குள் 15. மீதி ஐந்து நிமிடத்துக்கு மாசி வரை காலம் இருக்கிறது.

எப்படிப் பார்ப்போம்

திங்களும் வியாழனும் நான் வருவேன். ஜூலை 21 திங்கட்கிழமை எல்லா அளவையும் அதே முற்றத்தில், அதே நாற்காலியில், அதே காலை பத்து மணிக்குத் திரும்ப எடுப்போம், நேரமோ இடமோ மாறினால் எண்ணும் மாறிவிடும். எந்த இலக்காவது பாதிகூட நகரவில்லை என்றால் பயிற்சி முறையை மாற்றுவேன், உங்களைக் குறை சொல்ல மாட்டேன். முன்கூட்டியே தொட்டுவிட்டால் எண்ணைக் கூட்டுவோம். செப்டம்பர் 1 கடைசி அளவு, ஓணத்துக்கு நாலு நாள் முன்பு. ஓணத்தன்று டீக்கடைக்கு நீங்கள் தனியாகப் போகலாமா என்பதை அன்றைய 12 விநாடியும் 16 விநாடியும் சொல்லும், மகன் இருபதடி பின்னால் வரட்டும்.

பாக்கு எண்ணிக்கையை அக்கா நோட்டில் கோடு போட்டு வையுங்கள், இருபதுக்கு ஒரு கோடு. வியாழக்கிழமை வந்ததும் முதலில் அந்தக் கோடுகளைத்தான் பார்ப்பேன்.

உங்கள் பிசியோ
ஜூன் 9, 2025, திங்கள்